டிரம்மில் நிற்கும் எண்ணெய்க்கு என்ன அடக்கம்?

ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் நல்லெண்ணெய் செக்கு வைத்திருக்கிறார். சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எள் ஏலம் நடப்பதால் சரக்குக்காக அவர் தூரம் போக வேண்டியதில்லை. தீபாவளி நவம்பரில் வந்த ஓர் ஆண்டு, அக்டோபர் மாதக் கணக்கை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். நோட்டை என் முன்னால் தள்ளி வைத்தார்.

"ஏனுங்க தம்பி, ஒரு நாள்கூட செக்கு நிற்கலை. வித்ததும் நல்லாத்தான் வித்துச்சு. கணக்குப் போட்டா அஞ்சாயிரம் நட்டம்னு வருது. எங்கீங்க போச்சு பணம்?"

நோட்டை எழுதியது அவருடைய மகன், பி.காம். படித்த பிள்ளை. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. செக்கில் அந்த மாதம் ஆன நிகரச் செலவு 6,80,000 ரூபாய். விற்பதற்கு ஆன செலவு 45,000. விற்ற எண்ணெய்க்கு வந்தது 7,20,000. கழித்தால் 5,000 நட்டம்தான். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்த திண்ணைக்குப் பின்னால், அறைக்குள் எண்ணெய் டிரம்கள் வரிசையாக நின்றன. தீபாவளிக்கு என்று சேர்த்து வைத்த எண்ணெய். அந்தக் கணக்கில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பணம் எங்கும் போகவில்லை, டிரம்முக்குள் நின்றது.

மாத ஆரம்பத்தில் கொஞ்சம் சரக்கு, மாதக் கடைசியில் கொஞ்சம் சரக்கு என்று கையில் நிற்கும் எந்தத் தொழிலுக்கும் உற்பத்தி அடக்க அறிக்கை எழுதும்போது இதுதான் சிக்கல். செய்தது ஒரு அளவு, விற்றது இன்னொரு அளவு. இந்த இரண்டையும் தனித்தனியே பிடித்துக்கொள்ளாவிட்டால் எவ்வளவு அழகாகக் கூட்டினாலும் விடை தப்பும். அன்று மாலை அந்தக் கணக்கை மறுபடி முதலிலிருந்து எழுதினோம். எண்களைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் வட்டமாக்கி இங்கே தருகிறேன்.

ரூபாயைத் தொடுவதற்கு முன்னால் கிலோவைச் சரி பார்க்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி காலையில் டிரம்களில் இருந்த எண்ணெய் 300 கிலோ. அந்த மாதம் ஆட்டி எடுத்தது 2,000 கிலோ. ஆக, விற்கக் கையில் இருந்தது மொத்தம் 2,300 கிலோ. 31-ஆம் தேதி இரவு மிச்சம் நிற்பதைக் கழித்தால் விற்றது எவ்வளவு என்று வந்துவிட வேண்டும். அந்த எண்ணும் பில் புத்தகம் சொல்லும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகவில்லை. பில் புத்தகத்தில் விற்பனை 1,957 என்றிருந்தது. டிரம்மில் குச்சி விட்டுப் பார்த்து மிச்சம் 543 என்று பையன் எழுதியிருந்தான். இரண்டையும் கூட்டினால் 2,500. உள்ளே வந்தது 2,300, வெளியே போனதும் மிச்சமும் சேர்ந்து 2,500. எண்ணெய் தானாகப் பெருகாது. பையனே சட்டென்று கண்டுபிடித்தான். செக்கிலிருந்து வரும் எண்ணெயைத் தராசில் கிலோவாக நிறுக்கிறார்கள். கடையில் லிட்டராக விற்கிறார்கள். டிரம் குச்சியிலும் லிட்டர்தான் குறித்திருக்கிறது. நல்லெண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 920 கிராம்தான் எடை நிற்கும். அந்தக் கணக்கில் 2,500 லிட்டர் என்பது 2,300 கிலோ. விற்றது 1,800 கிலோ, நிற்பது 500 கிலோ. கணக்கு நேராயிற்று.

இந்த ஒரு பிழை மட்டும் கவனிக்கப்படாமல் போயிருந்தால் இல்லாத 43 கிலோ எண்ணெய் இருப்பில் ஏறியிருக்கும். எல்லாவற்றையும் லிட்டராகவோ கிலோவாகவோ ஏதாவது ஒன்றில் மாற்றிவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

இனி செலவுக்கு வருவோம். எள் கிடங்கில் மாத ஆரம்பத்தில் 800 கிலோ இருந்தது, 5,200 கிலோ வாங்கினார்கள், கடைசியில் 1,000 கிலோ மிச்சம். அப்படியென்றால் செக்கில் போட்டது 5,000 கிலோ. வாங்கியதற்குக் கொடுத்த பணத்தை அப்படியே அறிக்கையில் எழுதக் கூடாது, போட்டதை மட்டும் எழுத வேண்டும். விலை கிலோவுக்கு 130 ரூபாய். ஏலத்தில் கேட்ட விலையோடு ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் சேர்ந்தது அது. எள் கிடங்குக்கு வந்து சேரும் வரை ஆகும் செலவெல்லாம் எள்ளின் விலைதான்.

இருபது கிலோ எள் ஒரு ஆட்டு, ஆட்டுக்கு ஒரு கிலோ கருப்பட்டி என்பது அவர் கைப்பழக்கம். 250 ஆட்டுக்கு 250 கிலோ கருப்பட்டி, 40,000 ரூபாய். செக்கில் நிற்பவர்களுக்குக் கூலி 50,000. எள், கருப்பட்டி, கூலி மூன்றும் சேர்ந்ததைப் பாடப்புத்தகம் முதன்மை அடக்கம் என்று சொல்லும். அதற்கு மேல் செக்குக்கான மின்சாரம் 22,000, பழுது பார்ப்பதும் தேய்மானமும் 18,000, கொட்டகை வாடகை 16,000.

செக்கில் போட்டது எள்ளும் கருப்பட்டியுமாக 5,250 கிலோ. வந்தது 2,000 கிலோ எண்ணெய், 2,900 கிலோ புண்ணாக்கு. மீதி 350 கிலோ தூசியாகவும் ஈரமாகவும் அடிமண்டியாகவும் போயிற்று. இது தொழிலோடு ஒட்டிய சேதாரம். இதற்கென்று தனியாக விலை போட வேண்டியதில்லை. இருக்கும் செலவெல்லாம் தேறிய 2,000 கிலோவின் தலையில் ஏறிவிடுவதால் சேதாரத்தின் விலையும் அதற்குள் வந்துவிடுகிறது. ஒரு டிரம் ஓட்டையாகி எண்ணெய் தரையில் ஓடினால் அது வேறு. அதன் விலையை நல்ல எண்ணெயின் மேல் ஏற்றக் கூடாது, அந்த மாத நட்டமாகத் தனியே காட்ட வேண்டும்.

புண்ணாக்கை எப்படி எழுதுவது என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். அதை இன்னொரு வருமானமாக விற்பனைப் பக்கம் எழுதிவிடுகிறார்கள். எண்ணெய் எடுக்கத்தான் எள் வாங்குகிறோம், புண்ணாக்கு கூடவே வருவது. ஆகையால் அதில் கிடைக்கும் பணத்தை எண்ணெயின் செலவிலிருந்து கழிக்க வேண்டும். மாட்டுத்தீவனத்துக்கு வாங்குபவர் கிலோவுக்கு 42 ரூபாய் கொடுக்கிறார். சாக்குக்கும் ஏற்றுவதற்கும் 2 ரூபாய் போய்விடும். கையில் நிற்பது 40. எனவே 2,900 கிலோவுக்கு 1,16,000 ரூபாய். புண்ணாக்கைக் கழிக்காமல் விட்டால் எண்ணெய் அடக்கம் கிலோவுக்கு 58 ரூபாய் கூடித் தெரியும். நிற்கும் சரக்கின் மதிப்பும் அதே அளவில் பொய்யாகிவிடும்.

இவ்வளவையும் வரிசையாக எழுதியபோது அக்டோபர் அறிக்கை இப்படி வந்தது.

| விவரம் | ரூபாய் |
|---|---:|
| எள் 5,000 கிலோ | 6,50,000 |
| கருப்பட்டி | 40,000 |
| செக்குக் கூலி | 50,000 |
| முதன்மை அடக்கம் | 7,40,000 |
| மின்சாரம், பழுது, தேய்மானம், வாடகை | 56,000 |
| கழிக்க: புண்ணாக்கு | 1,16,000 |
| உற்பத்தி அடக்கம் (2,000 கிலோ) | 6,80,000 |
| கூட்ட: தொடக்க இருப்பு (300 கிலோ) | 96,000 |
| கழிக்க: இறுதி இருப்பு (500 கிலோ) | 1,70,000 |
| விற்ற சரக்கின் அடக்கம் (1,800 கிலோ) | 6,06,000 |
| விற்பனைச் செலவு | 45,000 |
| விற்பனை அடக்கம் | 6,51,000 |
| விற்பனை | 7,20,000 |
| இலாபம் | 69,000 |

பெரியவர் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். "அஞ்சாயிரம் நட்டம் எப்படீங்க அறுபத்தொன்பதாயிரம் இலாபமாச்சு?"

அதற்கு விடை நடுவில் இருக்கும் மூன்று வரிகளில் இருக்கிறது. உற்பத்தி அடக்கம் 6,80,000. அதை 2,000 கிலோவால் வகுத்தால் கிலோ 340 ரூபாய். கவனிக்க வேண்டியது, 2,000 என்பது செய்த அளவு. பையன் இந்த 6,80,000-ஐயும் விற்ற 1,800 கிலோவின் மேலேயே முழுவதுமாக ஏற்றிவிட்டான். அப்படி ஏற்றினால் கிலோ 378 ரூபாய்க்குக் கிட்டே போகிறது. 400 ரூபாய்க்கு விற்கும் எண்ணெயில் விற்பனைச் செலவும் போனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று தோன்றும். அதை நம்பி விலையை ஏற்றியிருந்தால் தீபாவளி நேரத்தில் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போயிருக்கும்.

உண்மையில் நடந்தது என்ன? செப்டம்பரில் ஆட்டி மிச்சம் வைத்த 300 கிலோ அக்டோபரில் விற்றது. அதன் செலவு செப்டம்பரில் ஆனது, அக்டோபர் விற்பனைக்கு எதிரே வந்து நிற்க வேண்டும். அதைக் கூட்டினோம். அக்டோபரில் ஆட்டியதில் 500 கிலோ இன்னும் விற்கவில்லை. அதன் செலவு நவம்பர் விற்பனைக்கு எதிரே போக வேண்டும். அதைக் கழித்தோம். சரக்கிருப்பு என்பது ஒரு மாதத்தின் செலவைத் தூக்கி அடுத்த மாதத்திடம் கொடுக்கும் வேலையைத்தான் செய்கிறது. உள்ளே வந்த 96,000-க்கும் வெளியே போன 1,70,000-க்கும் உள்ள வித்தியாசம் 74,000. பையன் கணக்குக்கும் எங்கள் கணக்குக்கும் உள்ள வித்தியாசமும் அதே 74,000.

அடுத்த கேள்வி, இந்த இரண்டு இருப்புக்கும் என்ன விலை போடுவது. தொடக்க இருப்பில் யோசிக்க ஒன்றும் இல்லை. செப்டம்பர் எள் மலிவு, அந்த மாத உற்பத்தி அடக்கம் கிலோவுக்கு 320 ரூபாய். செப்டம்பர் அறிக்கையில் இறுதி இருப்பு 96,000 என்று எழுதியிருந்தால் அக்டோபர் அறிக்கையில் தொடக்க இருப்பும் அதே 96,000-தான். இப்போது அடக்கம் 340 ஆகிவிட்டதே என்று பழைய சரக்கையும் அந்த விலைக்கு ஏற்றினால் 6,000 ரூபாய் செலவு எங்கிருந்தோ முளைக்கும். அப்படி ஒரு செலவை யாரும் செய்யவில்லை. போன மாதக் கடைசி எண்ணும் இந்த மாத முதல் எண்ணும் ஒரு பைசா மாறாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது, அறிக்கையைக் கையில் எடுத்ததும் நான் செய்யும் முதல் சோதனை.

இறுதி இருப்புக்கு இரண்டு வழி உண்டு. முதலில் வந்த எண்ணெய் முதலில் விற்றது என்று கொள்வது ஒன்று. நல்லெண்ணெய் வியாபாரத்தில் பெரும்பாலும் நடப்பதும் அதுதான், பழைய டிரம்மை முதலில் காலி செய்வார்கள். அந்த வழியில் 300 கிலோ பழையது முழுக்க விற்றது, அதன் பிறகு புதியதில் 1,500 கிலோ விற்றது. நிற்கும் 500 கிலோவும் அக்டோபர் எண்ணெய். 340 வீதம் 1,70,000. மேலே அட்டவணையில் இருப்பது இந்த எண்தான்.

இரண்டாவது வழி சராசரி. பழைய எண்ணெய் இருக்கும் தொட்டியிலேயே புதியதையும் ஊற்றிவிட்டால் எது பழையது எது புதியது என்று பிரிக்க முடியாது. அங்கே 96,000-ஐயும் 6,80,000-ஐயும் கூட்டி 2,300 கிலோவால் வகுக்க வேண்டும். கிலோ 337 ரூபாய் 39 காசு வரும். இறுதி இருப்பு ஏறக்குறைய 1,68,700. இலாபம் 1,300 ரூபாய் குறையும். எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை, கணக்குத் தரநிலை இரண்டையும் ஏற்கிறது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். இலாபம் கூடத் தெரிய வேண்டிய மாதம் ஒரு வழி, குறையத் தெரிய வேண்டிய மாதம் வேறு வழி என்று மாற்றிக்கொண்டிருந்தால் அந்த அறிக்கைக்கு மதிப்பு இல்லை.

வழக்கமாக நடக்கும் பெரிய தவறு இதில் இல்லை. நிற்கும் சரக்கை விற்கும் விலைக்கு எழுதுவதுதான் அது. "நானூறு ரூபாய்க்குப் போகிற எண்ணெய், அதை ஏன் 340 என்று எழுத வேண்டும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி போலத் தெரியும். 500 கிலோவை 400 வீதம் எழுதினால் இருப்பு 2,00,000 ஆகும், இலாபம் 99,000 ஆகும். கூடின 30,000 ரூபாயை யாரும் இன்னும் கொடுக்கவில்லை. எண்ணெய் டிரம்மில்தான் இருக்கிறது. கூட்டாளிகள் இருக்கும் தொழிலில் அந்த 30,000-ஐப் பங்கு போட்டு எடுத்துவிட்டால், எடுத்தது இலாபம் அல்ல, அடுத்த எள் மூட்டைக்கான முதல். பாங்கியில் சரக்கைக் காட்டி ஓவர்டிராஃப்ட் வாங்குபவர் இருப்பைக் கூட்டிக் காட்டினால் கடனும் கூடும். சரக்கு நகராத மாதத்தில் வட்டி மட்டும் நகரும்.

விற்பனைச் செலவு 45,000-க்கும் இருப்புக்கும் உறவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கடைப்பையன் சம்பளம், வண்டி, பாட்டில், லேபிள் எல்லாம் விற்ற 1,800 கிலோவுக்காக ஆனவை. நிற்கும் 500 கிலோவுக்கு அதில் பங்கு கிடையாது. அதனால்தான் அட்டவணையில் இறுதி இருப்பைக் கழித்த பிறகு அந்த வரி வருகிறது. பாட்டில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. இவர் விற்கும்போதுதான் டிரம்மிலிருந்து பாட்டிலில் பிடிக்கிறார், ஆகவே அது விற்பனைச் செலவு. முன்கூட்டியே பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைப்பவருக்கு அந்தப் பாட்டிலும் சரக்கின் ஒரு பகுதி, அதன் விலை இருப்பில் சேர வேண்டும்.

அடக்கம்தான் எப்போதும் இருப்பின் மதிப்பா என்றால், இல்லை. அதற்கு ஒரு வரம்பு உண்டு. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இரண்டாம் கணக்குத் தரநிலை சொல்வது, அடக்கம் அல்லது விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அது. தீபாவளி முடிந்து எண்ணெய் விலை 350-க்கு இறங்கிவிட்டது, விற்க 25 ரூபாய் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 325. அப்போது மிச்சம் கிடக்கும் எண்ணெயை 340 என்று எழுதக் கூடாது, 325 என்று எழுத வேண்டும். நட்டம் வரும் என்று தெரிந்த அன்றே அதை எழுதிவிட வேண்டும். இலாபத்தை மட்டும் விற்ற பிறகு எழுதலாம்.

அதே தரநிலை இன்னொன்றும் சொல்கிறது. சிறு ஆலைக்காரர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. கொட்டகை வாடகையும் தேய்மானமும் பழுதும் சேர்ந்து மாதம் 34,000, செக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் என்று கொள்வோம். 2,000 கிலோ ஆட்டும் மாதம் அது கிலோவுக்கு 17 ரூபாய். அடைமழையில் எள் காயாமல் 1,000 கிலோதான் ஆட்ட முடிந்தது என்றால் வகுத்துப் பார்க்கும்போது 34 ரூபாய் வரும். அந்த 34-ஐ நிற்கும் எண்ணெயில் ஏற்றினால், செக்கு சும்மா நின்ற நாட்களின் செலவும் சரக்கு என்ற பெயரில் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். சும்மா நின்றதால் எண்ணெய் உசத்தியாகிவிடாது. வழக்கமாக ஓடும் அளவை வைத்து 17 ரூபாய்தான் எண்ணெயில் ஏற்ற வேண்டும். மீதி 17,000-ஐ அந்த மாத நட்டமாகவே விட்டுவிட வேண்டும்.

எழுதி முடித்த பிறகு ஒரு சரிபார்ப்பு செய்தோம். விற்ற சரக்கின் அடக்கத்தை இருப்பைத் தொடாமல் நேராகவும் கண்டுபிடிக்கலாம். பழையது 300 கிலோ 320 வீதம் 96,000, புதியது 1,500 கிலோ 340 வீதம் 5,10,000, சேர்த்தால் 6,06,000. அட்டவணை சொல்லும் அதே எண். இந்த இரண்டும் ஒத்து வராவிட்டால் பெரும்பாலும் இருப்பின் கிலோவில் பிழை இருக்கும், அல்லது வகுத்த எண்ணில்.

ஆனால் தாளில் ஒத்து வருவது மட்டும் போதாது. 500 கிலோ என்பது உண்மையில் டிரம்மில் இருக்கும் 500 கிலோவாக இருக்க வேண்டும். வீட்டுச் சமையலுக்கு எடுத்தது, கோயிலுக்கு விளக்கெண்ணெயாகக் கொடுத்தது, வாடிக்கைக்காரருக்கு மாதிரிக்குக் கொடுத்தது எல்லாம் பில்லில் ஏறாது. மொத்தத்திலிருந்து பில்லைக் கழித்து மிச்சத்தை இருப்பு என்று எழுதினால், இல்லாத எண்ணெய் மாதாமாதம் தொடக்க இருப்பாகவும் இறுதி இருப்பாகவும் நடமாடிக்கொண்டே இருக்கும். மார்ச் 31 அன்று ஆடிட்டர் வந்து அளக்கும்போதுதான் ஒரு வருடக் குறைவும் ஒரே நாளில் தெரியும். எந்த மாதம் போனது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.

நாங்கள் அன்று விளக்கைப் போட்டுக்கொண்டு டிரம் டிரம்மாக அளந்தோம். குச்சியில் காட்டிய லிட்டரை 0.92 ஆல் பெருக்கிக் கிலோவாக எழுதினான் பையன். 500 கிலோ சரியாகவே இருந்தது. பெரியவர் நவம்பர் மாதத்துக்கு நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, முதல் வரியைத் தன் கையாலேயே எழுதினார்: தொடக்க இருப்பு 500 கிலோ, கிலோ 340, ஆக 1,70,000 ரூபாய்.